விலை வராதபோது எப்படித் திரும்பக் கேட்பது: பேக்ஆஃபும் ஜிட்டரும்

கொழும்புப் பங்குச் சந்தையில் வழக்கமான கொடுக்கல் வாங்கல் காலை 9:30-க்குத் தொடங்கி பிற்பகல் 2:30-க்கு முடிகிறது. பங்கு விலைகளை எங்கிருந்தோ எடுத்துத் திரையில் காட்டும் மென்பொருள் எதுவானாலும், அதற்கு நாளிலேயே கடினமான நேரம் அந்த 9:30 தான். எல்லோருக்கும் முதல் விலை உடனே தெரிய வேண்டும். எல்லோருடைய கணினிக் கடிகாரமும் இணையத்தோடு சரிபார்க்கப்பட்டு ஒரே செக்கனைக் காட்டுகிறது. ஆகவே 9:30:00 என்று நிரலில் எழுதி வைத்தவர்கள் எல்லோரும் உண்மையிலேயே ஒன்றாக வந்து நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நமது நேரம் UTC-யை விட ஐந்தரை மணிநேரம் முந்தியது. அதனால் நமது 9:30 என்பது UTC-யில் சரியாக 04:00:00. மணிக்கொருமுறை ஓடும்படி அமைத்த வேலைகள் உலகெங்கும் கிளம்புவதும் அதே செக்கனில்தான். நீங்கள் விலை வாங்கும் நிறுவனம் பல நாட்டுச் சந்தைகளின் தரவை ஒரே சேர்வரிலிருந்து கொடுக்கிறது என்றால், கொழும்பு திறக்கும் நேரத்தில் அந்த வாசலில் நம்மவர்கள் மட்டும் நிற்பதில்லை.

இப்படி ஒரு கணத்தில் நீங்கள் அனுப்பும் கோரிக்கை தோற்றுப்போவது பெரிய விஷயமில்லை. தோற்ற பிறகு உங்கள் நிரல் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

உடனே திரும்பக் கேட்டால்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்குத்தரகு நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் 200 பேருக்கு ஒரே விலைப் பலகைச் செயலியைக் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி ஒவ்வொன்றும் தரவுச் சேவையை நேரடியாகக் கேட்கிறது. அந்தச் சேவை செக்கனுக்கு 20 கோரிக்கைகளுக்குப் பதில் தரும். அதற்கு மேல் வருபவற்றை "இப்போது முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடும். எண்கள் கற்பனைதான், ஆனால் நடப்பது இப்படித்தான்.

9:30:00-க்கு 200 கோரிக்கைகள் வருகின்றன. 20 பேருக்கு விலை கிடைக்கிறது, 180 பேருக்கு இல்லை. செயலியை எழுதியவர் "தோற்றால் திரும்பக் கேள்" என்று ஒரு வெறும் சுழற்சி போட்டிருந்தால், 180 செயலிகளும் மறுகணமே திரும்பக் கேட்கும். தோற்கும். மறுபடி கேட்கும். ஒரு கோரிக்கை போய் வர 100 மில்லிசெக்கன் எடுக்கிறது என்றால், ஒரு செக்கனில் ஒவ்வொரு செயலியும் பத்துத் தடவை கேட்டுவிடும். 20 பேருக்குப் பதில் சொல்லக்கூடிய சேவை இப்போது 1,800 கோரிக்கைகளைச் சமாளிக்க வேண்டும்.

"முடியாது" என்று சொல்வதற்கும் சேர்வருக்கு வேலை உண்டு. இணைப்பை ஏற்க வேண்டும், யார் கேட்பது என்று பார்க்க வேண்டும், பதில் எழுத வேண்டும். அந்த வேலையே பெருத்துப்போனால் செக்கனுக்கு 20 என்றிருந்த திறன் 10 ஆகும், 5 ஆகும். நெரிசலை முதலில் உண்டாக்கிய காரணம் தீர்ந்த பிறகும், திரும்பக் கேட்பவர்களே நெரிசலைப் பிடித்து வைத்திருப்பார்கள். சிறு தடுமாற்றம் ஒன்று முழுநேர முடக்கமாக மாறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

காத்திருப்பை இரட்டிப்பாக்குவது

சரி, அப்படியென்றால் காத்திருந்து கேட்கலாம். எவ்வளவு நேரம்? சேர்வரின் சிக்கல் அரைச் செக்கனில் தீருமா, பத்து நிமிடம் எடுக்குமா என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதனால் சிறிதாகத் தொடங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறோம்: 1 செக்கன், 2, 4, 8, 16 என்று. சிக்கல் சின்னது என்றால் சீக்கிரம் விலை கிடைத்துவிடும். பெரிது என்றால், நம் பக்கத்திலிருந்து போகும் சுமை தானாகவே குறைந்துகொண்டு போகும். இதுதான் எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப். காத்திருப்பு கட்டுக்கடங்காமல் வளராமல் இருக்க ஓர் உச்ச வரம்பும் வைப்பார்கள்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். வேலை முடிந்தது போலத்தான் தோன்றும். நமது 200 செயலிகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் குறை தெரியும்.

9:30:00-க்குத் தோற்ற 180 செயலிகளும் ஒரு செக்கன் காத்திருக்கின்றன. எல்லாமே ஒரே நேரத்தில் தோற்றவை, எல்லாமே ஒரே அளவு காத்திருப்பவை. ஆகவே 9:30:01-க்கு 180-உம் சேர்ந்து வருகின்றன. 20-க்குப் பதில், 160-க்கு இல்லை. அடுத்து இரண்டு செக்கன். 9:30:03-க்கு 160-உம் சேர்ந்து வருகின்றன. அப்புறம் 9:30:07, 9:30:15, 9:30:31. ஒவ்வொரு முறையும் 20 பேர்தான் குறைகிறார்கள். உச்ச வரம்பு இல்லாவிட்டால், கடைசி 20 பேருக்கு விலை கிடைப்பது பத்தாவது சுற்றில், அதாவது 511-ஆவது செக்கனில். எட்டரை நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது, இடைப்பட்ட நேரத்தில் சேர்வர் சும்மா இருந்தது என்பதுதான். செக்கனுக்கு 20 என்றால் 200 பேருக்கும் பத்தே செக்கனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் 9:30:08-க்கும் 9:30:14-க்கும் நடுவில் யாருமே வரவில்லை. 9:30:15-க்கு எல்லோரும் வந்தார்கள். பேக்ஆஃப் கூட்டத்தைக் கலைக்கவில்லை. கூட்டமாகவே தள்ளிப்போட்டது.

ஜிட்டர் செய்யும் வேலை

கூட்டத்தைக் கலைக்க ஒரே வழி, ஒவ்வொரு செயலியும் வெவ்வேறு நேரம் காத்திருப்பது. செயலிகள் ஒன்றையொன்று அறியாதவை. "நீ முதலில் போ, நான் பிறகு வருகிறேன்" என்று பேசிவைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொன்றும் தனக்குள் ஓர் எழுமாற்று எண்ணை எடுத்து அதன்படி காத்திருக்கிறது. இதுதான் ஜிட்டர்.

பரவலாகக் கைக்கொள்ளும் முறை இப்படி: முதல் தோல்விக்குப் பிறகு "1 செக்கன்" என்பதற்குப் பதிலாக "0-க்கும் 1-க்கும் இடையில் ஏதாவது ஒரு நேரம்". இரண்டாவது தோல்விக்கு 0-க்கும் 2-க்கும் இடையில். பிறகு 0-க்கும் 4-க்கும், 0-க்கும் 8-க்கும். இரட்டிப்பாவது இப்போது காத்திருப்பு அல்ல, காத்திருப்பை எடுக்கும் இடைவெளி.

அதே 200 செயலிகள். முதல் மறுமுயற்சியில் 180-உம் ஒரே செக்கனுக்குள் சிதறுகின்றன. அது போதாது, பெரும்பாலானவை தோற்கும். இரண்டாவதில் மூன்று செக்கனுக்குள் பரவிவிடுகின்றன; செக்கனுக்கு 20 வீதம் உள்ளே போகத் தொடங்குகின்றன. மூன்றாவதில் ஏழு செக்கனுக்குள் பரவுகின்றன. செக்கனுக்கு வருபவர்களும் சேர்வரின் திறனும் ஏறக்குறைய சமமாகிவிடும். மிஞ்சிய கொஞ்சப் பேரை நான்காவது முயற்சி பார்த்துக்கொள்ளும். நான்கு காத்திருப்புகளின் மொத்தம் எப்படிப் போனாலும் 1+2+4+8, அதாவது 15 செக்கனைத் தாண்டாது. 9:30:15-க்குள் அனேகமாக எல்லோருக்கும் விலை கிடைத்திருக்கும்.

ஜிட்டர் இல்லாத கணக்கில் இதே 9:30:15-க்கு எத்தனை பேர் விலை பெற்றிருந்தார்கள் என்று பாருங்கள்: ஐந்து சுற்று, 100 பேர். மீதி 100 பேர் இன்னும் வெளியே. அதிகபட்சக் காத்திருப்பும் மாறவில்லை, சேர்வரும் மாறவில்லை. நிரலில் ஒரு வரிதான் வேறு.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இந்த இடத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "அக்கா, 0-இலிருந்து எடுத்தால் சில நேரம் 0.02 செக்கன் என்று வருமே? அது உடனே திரும்பக் கேட்பது போலத்தானே?" ஆமாம், வரும். ஆனால் 180 செயலிகளில் நாலைந்துக்குத்தான் அப்படி வரும், அடுத்த முறை அவற்றுக்கே வராது. அந்த நாலைந்தால் சேர்வருக்கு ஒன்றும் ஆகாது. குறைந்தது கொஞ்சமாவது பொறுக்க வேண்டும் என்று தோன்றினால், இடைவெளியில் பாதியை நிலையாக வைத்து மறுபாதியை மட்டும் எழுமாற்றாக எடுக்கும் முறையும் உண்டு. 4 செக்கன் என்றால் 2-க்கும் 4-க்கும் இடையில். நான் முழு இடைவெளியையும் எடுப்பதையே விரும்புகிறேன். கூட்டம் நன்றாகக் கலைவதுதான் இங்கே முக்கியம்.

அதற்கு எதிர்ப்பக்கமாக, ஜிட்டரை மிகச் சிறிதாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். 1 செக்கனுக்கு முன்பின் பத்து வீதம் என்றால் 180 செயலிகளும் 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் வந்து குவியும். அது கூட்டத்தைக் கலைத்ததாக ஆகாது.

இந்த யோசனை புதிதல்ல. ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்த பழைய ஈதர்நெட்டிலும், இரண்டு கணினிகள் ஒன்றாகப் பேசி மோதிக்கொண்டால் இரண்டும் எழுமாற்றாக ஒரு நேரம் பொறுத்து மறுபடி பேசும். மோதல் தொடர்ந்தால் அந்த இடைவெளி இரட்டிப்பாகும், பத்தாவது இரட்டிப்போடு வளர்ச்சி நிற்கும். 16 முயற்சிகளும் தோற்றால் கைவிட்டுவிடும். உச்ச வரம்பும் கைவிடும் எல்லையும் அங்கேயே இருந்திருக்கின்றன.

நிரலில்

பைத்தனில் இவ்வளவுதான்:

```python
import random, time

def get_with_retry(fetch, base=1, cap=8, deadline=20):
    start = time.monotonic()
    attempt = 0
    while True:
        try:
            return fetch()
        except TemporaryError as err:
            wait = random.uniform(0, min(cap, base * 2 ** attempt))
            wait += err.retry_after or 0
            if time.monotonic() - start + wait > deadline:
                raise
            time.sleep(wait)
            attempt += 1
```

`fetch` என்பது ஒரே ஒரு தடவை விலையைக் கேட்கும் உங்கள் செயற்கூறு. அதற்குள் கட்டாயம் ஒரு டைம்அவுட் இருக்க வேண்டும். பைத்தனின் `requests` நூலகத்தில் `timeout` கொடுக்காவிட்டால், பதிலே வராத சேர்வருக்காக அது முடிவில்லாமல் காத்திருக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் மேலே உள்ள நிரலுக்குத் தோல்வி நடந்ததே தெரியவராது, பேக்ஆஃபும் நடக்காது. `time.monotonic()` எதற்கென்றால், சாதாரணக் கடிகாரம் இணையத்தோடு சரிபார்க்கும்போது முன்னே பின்னே தாவக்கூடும், இது தாவாது.

`TemporaryError` என்பது நாமே வரையறுக்கும் பிழை வகை. அதில் `retry_after` என்ற ஓர் எண்ணும் இருக்க வேண்டும்; சேவை எதுவும் சொல்லாதபோது அது `None`. சேவை 429 என்று சொன்னால் "அளவுக்கு மேல் கேட்கிறாய்", 503 என்றால் "இப்போது இயலவில்லை". இவற்றையும் டைம்அவுட்டையும் இணைப்பு அறுவதையும் மட்டும் இந்த வகைக்குள் போடுங்கள். 401 வந்தால் உங்கள் சாவி தவறு. 404 வந்தால் `JKH.N0000` என்பதற்குப் பதில் `JKH` என்று கேட்டிருக்கலாம். எத்தனை செக்கன் பொறுத்துக் கேட்டாலும் அந்தப் பதில்கள் மாறப்போவதில்லை.

429, 503 பதில்களோடு சில சேவைகள் `Retry-After` என்ற தலைப்பையும் அனுப்பும். அதில் எத்தனை செக்கன் பொறுக்க வேண்டும் என்றோ, எந்தத் திகதி நேரத்துக்குப் பிறகு வரலாம் என்றோ இருக்கும். சேவையே சொல்லும்போது அதற்கு முன்னால் போய்க் கேட்கக் கூடாது. ஆனால் அதே செக்கனிலும் போகக் கூடாது. 180 பேருக்கும் "30 செக்கன்" என்று பதில் வந்திருந்தால், சொன்னபடி நடக்கும் 180 பேரும் 30-ஆவது செக்கனில் மறுபடி ஒன்றாக வந்து நிற்பார்கள். அதனால்தான் நிரலில் எழுமாற்று நேரத்தின் மேல் `retry_after`-ஐக் கூட்டியிருக்கிறோம். இங்கே கொடுத்த 20 செக்கன் எல்லையோடு "30" என்ற பதில் வந்தால் நிரல் உடனே கைவிட்டுவிடும். நேரடி விலைக்கு அது சரியான நடத்தை.

எழுமாற்று எண்ணிலும் ஒரு பொறி உண்டு. சோதனைக்காக `random.seed(42)` என்று எழுதியதை அப்படியே வெளியிட்டுவிட்டால், எல்லாச் செயலிகளும் ஒரே வரிசையில் ஒரே "எழுமாற்று" எண்களை எடுக்கும். ஜிட்டர் இருப்பது போலத் தெரியும், கூட்டம் அப்படியே இருக்கும். கோ மொழியின் `math/rand`-இலும், 1.20 பதிப்புக்கு முன்பு, நீங்களாக விதை கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே எண்கள்தான் வரும்.

இன்னும் ஒன்று: தோற்ற பிறகு மட்டும் ஏன் ஜிட்டர்? முதல் கோரிக்கையையே 9:30:00-க்கும் 9:30:05-க்கும் இடையில் எழுமாற்றாகத் தொடங்கினால், ஆரம்பத்திலேயே கூட்டம் பெருமளவு கலைந்துவிடும். வாடிக்கையாளருக்கு அந்த ஐந்து செக்கன் பொறுக்காது என்றால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பங்குகளை உடனேயும் மற்றவற்றைத் தள்ளியும் கேட்கலாம்.

எப்போது கைவிடுவது

மற்றச் சேவைகளை விட விலைத் தரவு வேறுபடுவது இந்த இடத்தில்தான். விலை பழசாகும் பொருள். உங்கள் திரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை விலையைப் புதுப்பிக்கிறது என்றால், 9:30:05-க்குக் கேட்க வேண்டியதை 9:30:40 வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதற்குள் 9:30:10-க்கான கோரிக்கை, 15-க்கானது, 20-க்கானது என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிவிடும். ஒரு பங்குக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் நடப்பில் இருக்க வேண்டும். மறுமுயற்சி ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல், வரும் பதிலையே புதிய விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் கைவிட்டு, கடைசியாகக் கிடைத்த விலையை அது கிடைத்த நேரத்தோடு காட்டுங்கள். "9:29:58 நிலவரம்" என்று எழுதியிருந்தால் பார்ப்பவர் ஏமாற மாட்டார். நேரம் போடாமல் பழைய விலையைக் காட்டுவது, விலையே காட்டாமல் இருப்பதை விடக் கெடுதல்.

சந்தை முடிந்த பிறகு, அன்றைய முழு விலை வரலாற்றையும் இறக்கும் வேலை இதற்கு நேர்மாறு. அது இரவுக்குள் முடிந்தால் போதும். அங்கே `cap` ஐந்து நிமிடமாகவும் `deadline` இரண்டு மணிநேரமாகவும் இருக்கலாம். ஒரே நிரல், இரண்டு அமைப்பு.

போயா தினத்தையும் மறந்துவிடக் கூடாது. அன்று கொழும்புச் சந்தை மூடியிருக்கும். சேவை ஒழுங்காகப் பதில் சொல்லும், ஆனால் புதிய கொடுக்கல் வாங்கல் எதுவும் அதில் இருக்காது. வெற்றுப் பதிலைத் தோல்வி என்று எண்ணும் நிரல் அன்று காலை முதல் மாலை வரை திரும்பத் திரும்பக் கேட்டு உங்கள் ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். மறுமுயற்சிகளும் ஒதுக்கீட்டில்தான் கழியும். சந்தை விடுமுறை நாட்காட்டியை நிரலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பக் கேட்பதை ஒரே ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். கைபேசிச் செயலி நான்கு தடவை முயல்கிறது, நடுவில் உள்ள உங்கள் சேர்வரும் ஒவ்வொன்றுக்கும் நான்கு தடவை முயல்கிறது என்றால், வாடிக்கையாளர் ஒரு தடவை தொட்டது தரவுச் சேவைக்கு 16 கோரிக்கைகளாகப் போகும். இடையில் இன்னொரு அடுக்கு இருந்தால் 64. தரவுச் சேவைக்கு அருகில் இருக்கும் அடுக்கே முயலட்டும். மேலே உள்ளவை அது தரும் பதிலை ஏற்கட்டும்.

இவ்வளவும் விலையைக் கேட்பதற்கு. வாங்கும் அல்லது விற்கும் கட்டளையை அனுப்பும் இடத்தில் இந்த நிரலை அப்படியே போட்டுவிடாதீர்கள். விலையைப் பத்துத் தடவை கேட்டாலும் ஒன்றும் மாறாது. கட்டளை ஒன்று டைம்அவுட் ஆனால், அது போய்ச் சேரவில்லை என்று பொருளில்லை. போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் 500 பங்குகள் 1,000 ஆகலாம். அங்கே முதலில் அந்தக் கட்டளையின் நிலையைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு முயற்சிக்கும் லொக்கில் மூன்றை எழுதுங்கள்: எத்தனையாவது முயற்சி, எவ்வளவு நேரம் பொறுத்தது, என்ன பிழை. அப்புறம் எல்லாச் செயலிகளின் லொக்குகளையும் சேர்த்து, செக்கனுக்கு எத்தனை கோரிக்கைகள் போயின என்று ஒரு வரைபடம் போடுங்கள். சீப்பின் பற்கள் போல 1, 3, 7, 15-ஆவது செக்கன்களில் மட்டும் கோடுகள் எழுந்து நின்று, நடுவில் வெறுமையாக இருந்தால் ஜிட்டர் இல்லை. கோடுகள் வேறு நேரங்களில் எழுந்தாலும் அதேபோலச் சீப்பாக நின்றால், ஜிட்டர் இருந்தும் விதைச் சிக்கலால் வேலை செய்யவில்லை. முதல் சில செக்கன்களில் ஒரு மேடு, பிறகு மெல்லச் சரியும் கோடு என்றால் சரியாக இருக்கிறது. மேடு சரியவே இல்லை, மணிக்கணக்காக அதே உயரத்தில் நிற்கிறது என்றால் பேக்ஆஃபால் தீராத பிரச்சினை அது: வழக்கமான தேவையே சேவையின் திறனை மிஞ்சிவிட்டது. காத்திருப்பை இன்னும் நீட்டுவதால் அது தீராது. 200 செயலிகளும் தனித்தனியே கேட்பதை நிறுத்தி, உங்கள் சேர்வர் ஒன்றே ஒரு தடவை கேட்டு எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும்.

இதைச் சோதிக்க 9:30 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் முதல் மூன்று தடவை 429, பிறகு 200 என்று பதில் சொல்லும் சின்னச் சேர்வர் ஒன்றை உங்கள் கணினியிலேயே ஓட்டி, ஐம்பது செயலிகளை ஒரே நேரத்தில் அதன் மேல் ஏவிவிட்டு, லொக்கில் உள்ள காத்திருப்பு நேரங்களைப் பாருங்கள். இரண்டு செயலிகளின் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால், உங்கள் எழுமாற்று எண் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குங்கள்.